120 ஹெர்ட்ஸில் அடக்கினால் 2 கிலோ ஹெர்ட்ஸில் ஏன் எழுகிறது: உணர்திறன் சார்பும் தண்ணீர் மெத்தையும்

கேள்வி: "ஹார்ட் டிஸ்க் சர்வோ லூப்பில் கெய்னை இரண்டு மடங்காக்கினேன். 120 ஹெர்ட்ஸ் அதிர்வால் வரும் பிழை பாதியாகிவிட்டது. ஆனால் 2 கிலோ ஹெர்ட்ஸ் பக்கத்தில் பிழை இரண்டரை மடங்கு ஏறிவிட்டது. நல்ல கன்ட்ரோலர் எழுதினால் இரண்டையும் சேர்த்து அடக்க முடியாதா? S, T, தண்ணீர் மெத்தை விளைவு என்கிறார்களே, அவை இதில் எங்கே வருகின்றன?"

பின்னூட்டத்தை மட்டும் கொண்டு, இப்போதிருக்கும் மோட்டாரையும் இப்போதிருக்கும் காலதாமதத்தையும் வைத்துக்கொண்டு, எல்லா அதிர்வெண்களிலும் பிழையைக் குறைக்கும் கன்ட்ரோலர் எதையும் எழுத முடியாது. இது வடிவமைப்பவரின் திறமையைப் பொறுத்ததன்று. ஹென்ட்ரிக் போடே பெல் ஆய்வகத்தில் பின்னூட்டப் பெருக்கிகளை ஆராய்ந்து 1945-ல் வெளியிட்ட நூலில் நிறுவிய கணித உண்மை அது. வடிவமைப்பவரின் கையில் இருப்பது, ஏற்றம் எந்த அதிர்வெண்களில் வர வேண்டும், எவ்வளவு அகலத்தில் பரவ வேண்டும் என்ற தேர்வு மட்டுமே. நீங்கள் கண்ட இரண்டரை மடங்கு அந்தத் தேர்வின் விளைவு. அதைக் கையாலேயே கணக்கிட்டுக் காட்ட முடியும்.

முதலில் S, T இரண்டையும் உங்கள் கருவியின் மேல் வைத்துப் பார்ப்போம். ஹெட் ட்ராக்கின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதுதான் பிழை. தட்டின் நடுக்கம், பெட்டியை அசைக்கும் மின்விசிறி, சுழலும் தட்டோடு சுற்றும் காற்று கையை அடிக்கும் அடி ஆகியவை சேர்ந்து இடையூறு d ஆகின்றன. தட்டில் எழுதப்பட்டிருக்கும் சர்வோ குறிகளைப் படித்து விலகலை அளக்கும்போது புகும் தவறு, அளவீட்டு இரைச்சல் n. மோட்டாரையும் கையையும் P என்றும், கன்ட்ரோலரை C என்றும், இரண்டின் பெருக்கலை L என்றும் கொண்டால், ஹெட்டின் உண்மையான விலகல் இப்படி அமைகிறது:

```
y = S·d − T·n
S = 1 / (1 + L)
T = L / (1 + L)
```

S என்பது உணர்திறன் சார்பு. லூப்பை மூடியபின் ஓர் இடையூறு எத்தனை மடங்காக வெளியே தெரிகிறது என்பதை அது ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் சொல்கிறது. 120 ஹெர்ட்ஸில் |S| = 0.04 என்றால், லூப் இல்லாதபோது 100 நானோமீட்டராக இருந்திருக்கும் ஆட்டம் 4 நானோமீட்டராகத் தெரியும். 2 கிலோ ஹெர்ட்ஸில் |S| = 4 என்றால், லூப் இல்லாமலே விட்டிருந்தால் இருக்கக்கூடிய ஆட்டத்தைப் போல நான்கு மடங்கு ஆடும். T என்பது நிரப்பு உணர்திறன் சார்பு. அளவீட்டுத் தவறு எந்த அளவுக்கு உண்மையான அசைவாக மாறுகிறது என்பதை அது காட்டுகிறது. L பெரிதாக இருக்கும் அதிர்வெண்ணில் லூப் அளவீட்டை முழுவதும் நம்பி அதன் பின்னே ஓடுவதால், அளவீட்டில் தவறிருந்தால் ஹெட்டும் அந்தத் தவறின் பின்னே ஓடும்.

இரண்டையும் கூட்டினால் எப்போதும் S + T = 1. இதைத்தான் பலர் தண்ணீர் மெத்தை விளைவு என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்தச் சமன்பாடு ஒரே அதிர்வெண்ணில் இரண்டு சார்புகளையும் பிணைக்கிறது. இடையூறையும் அளவீட்டு இரைச்சலையும் ஒரே இடத்தில் ஒருசேர அழிக்க முடியாது என்பது அதன் பொருள். S, T இரண்டும் சிக்கலெண்கள் என்பதையும் மறக்கக் கூடாது: |S| = 4.3 ஆக இருக்கும் இடத்தில் |T| குறைந்தது 3.3 ஆக இருக்கும். அதாவது இரண்டுமே ஒரே இடத்தில் மோசமாக இருக்கலாம். தண்ணீர் மெத்தை விளைவு வேறு வகைக் கட்டுப்பாடு. அது ஓர் அதிர்வெண்ணில் உள்ள S-ஐ மற்ற எல்லா அதிர்வெண்களிலும் உள்ள S-ஓடு பிணைக்கிறது. தண்ணீர் நிரப்பிய மெத்தையில் ஓரிடத்தில் கையை அழுத்தினால் வேறிடத்தில் மேடு எழுவதால் அந்தப் பெயர்.

இனி எண்களோடு வருவோம். வாய்ஸ் காயில் மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுத்தால் கை முடுக்கம் பெறுகிறது. முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டால் இடம் கிடைக்கிறது. ஆகவே P ஏறத்தாழ 1/s² வடிவத்தில் இருக்கும். அது தனியாக −180 பாகை கட்டத்தில் நிற்பதால், குறுக்கு அதிர்வெண்ணான 1 கிலோ ஹெர்ட்ஸைச் சுற்றிக் கட்டத்தை உயர்த்த ஒரு லீட் கன்ட்ரோலர் வேண்டும். அதன் பூச்சியத்தை 333 ஹெர்ட்ஸிலும் துருவத்தை 3 கிலோ ஹெர்ட்ஸிலும் வைக்கிறேன். 1 கிலோ ஹெர்ட்ஸை அலகாகக் கொண்டால் எல்லாம் மிகச் சுத்தமாக வந்து அமர்கின்றன:

```
L(s) = (3s + 1) / (s²(s + 3))
S(s) = s²(s + 3) / (s + 1)³
T(s) = (3s + 1) / (s + 1)³
```

இதன் கட்ட விளிம்பு 53 பாகை. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 120 ஹெர்ட்ஸில் |S| = 0.042, அதாவது இடையூறு 24-ல் ஒரு பங்காகிறது. அதிர்வெண் ஏற ஏற |S| வளர்ந்து 854 ஹெர்ட்ஸில் 1-ஐத் தொடுகிறது. அங்கிருந்து மேலே லூப் இடையூறைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. 1732 ஹெர்ட்ஸில் அது 1.30 என்ற உச்சத்தை அடைகிறது. அதன்பின் மெல்ல மெல்ல 1-ஐ நோக்கி இறங்குகிறது. ஆனால் ஒருபோதும் 1-க்குக் கீழே போவதில்லை.

இந்த மேடு தற்செயலாக வந்ததன்று. |S|-இன் இயல் மடக்கையை எடுத்து, அதை அதிர்வெண் அச்சில் பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிட்டுப் பாருங்கள். அதற்குத் தேவையான கருவி ஒன்றே ஒன்றுதான். a, b இரண்டும் மிகை எண்களாகவோ பூச்சியமாகவோ இருக்கும்போது,

```
∫₀^∞ ln |(jω + a)/(jω + b)| dω = (π/2)(a − b)
```

S-இல் மேலே மூன்று காரணிகள், கீழே மூன்று காரணிகள். மேலே உள்ள எண்கள் 0, 0, 3. கீழே உள்ளவை 1, 1, 1. ஒவ்வொரு சோடிக்கும் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கூட்டினால் (π/2)(3 − 3), அதாவது பூச்சியம். 854 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பள்ளத்தின் பரப்பளவும் அதற்கு மேலே உள்ள மேட்டின் பரப்பளவும் மிகச்சரியாகச் சமம்.

நான் எடுத்துக்கொண்ட எண்களால் இப்படி வந்ததா என்று கேட்கலாம். இல்லை, இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. L-இன் பகுதியை D என்றும் தொகுதியை N என்றும் எழுதினால் S = D/(D + N). N-இன் படி D-இன் படியைவிடக் குறைந்தது இரண்டு குறைவாக இருந்தால், N-ஐக் கூட்டுவதால் D-இன் முதல் இரண்டு கெழுக்கள் மாறுவதில்லை. பல்லுறுப்புக் கோவையின் இரண்டாவது கெழு அதன் மூலங்களின் கூட்டுத்தொகையைத் தருவது என்பது பள்ளியில் படித்ததுதான். ஆகவே திறந்த லூப்பின் துருவங்களைக் கூட்டினாலும் மூடிய லூப்பின் துருவங்களைக் கூட்டினாலும் ஒரே விடை. நீங்கள் எந்தக் கன்ட்ரோலரை எழுதினாலும் துருவங்களை அங்குமிங்கும் நகர்த்தலாம். அவற்றின் கூட்டுத்தொகையை மாற்ற முடியாது. துருவங்கள் இணையெண் சோடிகளாக இருந்தால் அவற்றின் மெய்ப்பகுதியை எடுத்துக்கொண்டால் போதும். போடே இதைச் சிக்கலெண் பகுப்பாய்வின் வழியாகப் பொதுவாக நிறுவினார். காலதாமதம் உள்ள லூப்புக்கும் அது பொருந்தும்.

படி வித்தியாசம் குறைந்தது இரண்டு என்ற நிபந்தனையை லேசாகக் கடந்துவிடக் கூடாது. வித்தியாசம் ஒன்றாக இருந்தால் பரப்பளவின் கூட்டு பூச்சியத்துக்குக் கீழே போகும். அதாவது விலை கொடுக்காமல் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். பாடநூல் பயிற்சிகளில் அப்படிப்பட்ட L நிறைய வரும். ஆனால் நிறை உள்ள ஒரு பொருளை விசையால் நகர்த்தி அதன் இடத்தை அளக்கும் எந்த இயந்திரத்திலும் நியூட்டனின் விதியே அந்த இரண்டைக் கொண்டுவந்துவிடுகிறது. அதன்மேல் பெருக்கியும் வடிகட்டியும் இன்னும் சில படிகளைச் சேர்க்கும்.

நைக்விஸ்ட் வரைபடத்தில் பார்த்தால் இதே உண்மை கண்ணுக்குத் தெரியும். |S| என்பது L-இன் வளைவு −1 என்ற புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதன் தலைகீழ். −1-ஐ மையமாகக் கொண்டு 1 ஆரமுள்ள வட்டம் ஒன்றை வரையுங்கள். வளைவு வட்டத்துக்கு வெளியே இருக்கும் அதிர்வெண்களில் இடையூறு குறைகிறது. உள்ளே இருக்கும் அதிர்வெண்களில் கூடுகிறது. L கடைசியில் 1/s² போலத் தேய்கிறது என்றால் அது ஆதிப்புள்ளியை இடப்பக்கத்திலிருந்து, −180 பாகையை ஒட்டி, நெருங்குகிறது. ஆதிப்புள்ளி அந்த வட்டத்தின் விளிம்பிலேயே இருப்பதால், வட்டத்துக்குள் நுழையாமல் அந்தத் திசையிலிருந்து அங்கே போய்ச்சேர வழியே இல்லை.

அப்படியானால் 1.30 என்ற சின்ன உச்சத்தோடு எப்படித் தப்பிக்க முடிந்தது? மேட்டின் பரப்பளவு எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். அதிர்வெண்ணை ஹெர்ட்ஸிலும் |S|-ஐ இயல் மடக்கையிலும் அளந்தால், மேலே சொன்ன லூப்பில் பள்ளத்தின் பரப்பளவு 1288 அலகு. மேட்டின் பரப்பளவும் அதேதான். அதில் 825 அலகு, அதாவது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, 3 கிலோ ஹெர்ட்ஸுக்கு அப்பால் கிடக்கிறது. அங்கே |S| எங்கும் 1.21-ஐத் தாண்டவில்லை. கடன் முழுவதும் மிக நீண்ட தவணைகளில், ஒவ்வொரு தவணையும் மிகச் சிறியதாக, 5, 10, 20 கிலோ ஹெர்ட்ஸ் என்று போய்க்கொண்டே அடைக்கப்படுகிறது.

உண்மையான சர்வோவுக்கு அந்த நீண்ட தவணை கிடைப்பதில்லை. கையும் அதன் நுனியில் உள்ள சஸ்பென்ஷனும் சில கிலோ ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொள்கின்றன. அங்கே P-இன் கட்டத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது; ஒரு டிரைவுக்கும் அடுத்த டிரைவுக்கும், குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் அது மாறும். ஆகவே நாட்ச் ஃபில்டர் போட்டு L-ஐ அங்கே அடியோடு அமுக்கிவிடுகிறோம். L மிகச் சிறிதாக இருந்தால் |S| ஏறத்தாழ 1. அதன் மடக்கை பூச்சியம். அந்தப் பகுதியில் கடன் எதையும் அடைக்க முடியாது. மேலே சொன்ன 1288 அலகையும் 854-க்கும் 3000 ஹெர்ட்ஸுக்கும் இடையிலேயே அடைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 2146 ஹெர்ட்ஸ் அகலத்தில் சராசரி மடக்கை 0.60 ஆகிறது. அதாவது மிகச் சீராகப் பரப்பினாலும் |S| 1.82-க்குக் கீழே இருக்க முடியாது.

இதோடு மாதிரி எடுக்கும் இடைவெளியும் சேர்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 200 சர்வோ குறிகள் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 24,000 மாதிரிகள். மாதிரி எடுக்கும் லூப்பிலும் இதே சமநிலை உண்டு. ஆனால் தொகையீடு முடிவிலி வரை போகாமல் நைக்விஸ்ட் அதிர்வெண்ணான 12 கிலோ ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. கணிதமே அங்கே கதவைச் சாத்திவிடுகிறது. மாதிரி எடுப்பதாலும் கணக்கிடுவதாலும் ஏற்படும் காலதாமதத்தை 50 மைக்ரோ நொடி என்று கொள்வோம். 1 கிலோ ஹெர்ட்ஸில் அது 18 பாகையைத் தின்றுவிடுவதால் 53 பாகையாக இருந்த கட்ட விளிம்பு 35 பாகையாகிறது.

உங்கள் கேள்வியில் உள்ள நிகழ்வு இந்த மாதிரியில் அப்படியே கிடைக்கிறது. 50 மைக்ரோ நொடி தாமதத்தைச் சேர்த்தபின், கெய்னை மாற்றாதபோது |S|-இன் உச்சம் 1.30-லிருந்து 2.0 ஆகி, 1.4 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கி வருகிறது. 120 ஹெர்ட்ஸில் அது முன்பிருந்த 0.042-ஐ ஒட்டியே நிற்கிறது. இப்போது கெய்னை இரண்டு மடங்காக்குங்கள். 120 ஹெர்ட்ஸில் |S| பாதியாகி 0.021 ஆகிறது, நீங்கள் கண்ட நல்ல செய்தி அதுதான். குறுக்கு அதிர்வெண் 1.76 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது, அங்கே தாமதம் இன்னும் அதிகக் கட்டத்தைத் தின்பதால் கட்ட விளிம்பு 17 பாகையாகச் சுருங்குகிறது, 2 கிலோ ஹெர்ட்ஸில் |S| 1.69-லிருந்து 4.3-க்கு ஏறுகிறது. இரண்டரை மடங்கு! 4.3 என்பதுதான் புதிய உச்சமும். பள்ளத்தை ஆழமாக்கினீர்கள்; கடன் கூடியது; தவணைக்காலம் நீளவில்லை; எனவே ஒரு தவணையின் தொகை ஏறியது.

இதைத் தோராயமாக முன்கூட்டியே மதிப்பிட ஒரு சிறு சூத்திரம் போதும். f₁ வரை |S|-ஐ ε என்ற அளவுக்கு அடக்க வேண்டும், Fₐ-க்கு மேல் லூப்பை நம்ப முடியாது என்றால், இடையில் உள்ள பகுதியில் உச்சம் M எப்படியும்

```
ln M ≥ f₁ · ln(1/ε) / (Fₐ − f₁)
```

என்ற அளவை எட்டும். 500 ஹெர்ட்ஸ் வரை பத்தில் ஒன்றாக அடக்க வேண்டும், 2 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் லூப்பை நம்பலாம் என்றால் M குறைந்தது 2.15. அதே தேவைக்கு 1.5 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் இடம் இருக்கிறது என்றால் 3.16. இவை தட்டையான மேடும் செங்குத்தான சுவரும் கொண்ட, யாராலும் கட்ட முடியாத S-க்கான எண்கள். கட்டக்கூடியது இதைவிட மோசமாகத்தான் இருக்கும். ஒரு தேவைப்பட்டியல் மேசைக்கு வந்ததும் கன்ட்ரோலரைத் தொடும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது என் வழக்கம். M மூன்றைத் தாண்டினால் அந்தப் பட்டியலை எழுதியவரிடம் பேசப் போவேன். H-முடிவிலி உகந்த வடிவமைப்பு மென்பொருளை ஓட்ட மாட்டேன். அந்த மென்பொருளும் இதே பரப்பளவுக்குக் கட்டுப்பட்டதுதான்.

திறந்த லூப்பே நிலையற்றதாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமையாகும். வலப்பக்கத்தில் p என்ற துருவம் ஒன்று இருந்தால், |jω − p| என்பதும் |jω + p| என்பதும் ஒன்றே என்பதால், மேலே போட்ட கணக்கில் அது கழிக்கப்பட வேண்டிய இடத்தில் கூட்டப்படுகிறது. மொத்தப் பரப்பளவு பூச்சியமாக இல்லாமல் πp ஆகிறது. எந்த இடையூறையும் அடக்கும் முன்பே, நிலைநிறுத்தியதற்கான கடன் தலைமேல் ஏறியிருக்கும். குந்தர் ஸ்டைன் 1989-ல் ஆற்றிய போடே உரையில் இதற்கு முன்நோக்கி வளைந்த சிறகுகள் கொண்ட X-29 விமானத்தை எடுத்துக்காட்டினார். அதன் நிலையற்ற துருவம் நொடிக்குச் சுமார் 6 ரேடியன். நம்பக்கூடிய அலைவரிசை நொடிக்குச் சுமார் 40 ரேடியன். π × 6-ஐ 40-ஆல் வகுத்தால் 0.47; ஆகவே எதையும் அடக்காவிட்டாலும் M குறைந்தது 1.6. வழக்கமாகக் கேட்கும் 45 பாகைக் கட்ட விளிம்பை ஏன் அந்த விமானத்தில் எட்ட முடியவில்லை என்பதற்கு அவர் இந்தப் பரப்பளவையே விளக்கமாக வைத்தார். ஹார்ட் டிஸ்க்கில் நிலையற்ற துருவம் இல்லை. அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

உங்கள் அளவீடுகளைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். S-ஐ எல்லோரும் மடக்கை அதிர்வெண் அச்சில்தான் வரைகிறோம். அந்த அச்சில் 10-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள 90 ஹெர்ட்ஸும், 1-லிருந்து 10 கிலோ ஹெர்ட்ஸ் வரையுள்ள 9000 ஹெர்ட்ஸும் ஒரே அகலத்தில் தெரியும். பள்ளம் கிணறு போலவும் மேடு சிறு திட்டு போலவும் தோன்றும். இவ்வளவு பெரிய பள்ளத்துக்கு இவ்வளவு சின்ன மேடுதானா, நாம் விதியை வென்றுவிட்டோமோ என்று நினைக்கத் தோன்றும். அதே தரவைச் சீரான ஹெர்ட்ஸ் அச்சில் வரைந்தால் பள்ளம் இடது ஓரத்தில் ஓர் ஒடுங்கிய பிளவாகிவிடும். மேடு படம் முழுவதும் படுத்துக்கிடக்கும். சமநிலை சீரான அச்சில்தான் பொருந்தும்.

நான் உடனிருந்த ஒரு சோதனையில் இது நன்றாகத் தெரிந்தது. அதிர்வு மேடையில் குறைந்த அதிர்வெண் சோதனையைத் தேறுவதற்காகக் கெய்னை ஏற்றினார்கள், சோதனை தேறியது. பிறகு அதே டிரைவைப் பல மின்விசிறிகள் உள்ள சர்வர் பெட்டிக்குள் வைத்ததும் மின்விசிறி வேகமெடுக்கும் போதெல்லாம் எழுதும் வேகம் சரிந்தது. ஃபேர்ம்வேரில் கோளாறு என்று நாட்கணக்கில் தேடினோம். பிழைச் சமிக்ஞையின் நிறமாலையைச் சீரான அச்சில் போட்டதும் 2 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டி ஒற்றை மலை எழுந்து நின்றது. விசிறியின் இரைச்சல் அங்கே மிகச் சிறியதுதான். அதை நான்கு மடங்காக்கியது எங்கள் லூப். நிறமாலையில் உள்ள மேடு இடையூறால் வந்ததா லூப்பால் வந்ததா என்று பிரிக்க வழி எளிது: கெய்னை 10 சதவீதம் மாற்றிப் பாருங்கள். இடையூறின் உச்சி அதே அதிர்வெண்ணில் நிற்கும், உயரம் மட்டும் மாறும். லூப்பின் மேடு இடம் பெயரும், வடிவமும் மாறும்.

S-ஐ நேரடியாக அளக்க, பிழை கன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறிய சைன் அலையைச் சேர்த்து, சேர்த்தபின் உள்ள சமிக்ஞையைச் சேர்த்த அலையால் வகுத்தால் போதும். அதிர்வெண்ணை நகர்த்திக்கொண்டே போனால் முழு வளைவும் கிடைக்கும். கிடைத்த |S|-இன் மடக்கையைச் சீரான அச்சில் தொகையிட்டுப் பார்த்து, நைக்விஸ்ட் வரை அது பூச்சியத்தை ஒட்டி வருகிறதா என்று சரிபாருங்கள். பள்ளத்தின் பக்கம் கணிசமாகச் சாய்ந்திருந்தால் உங்கள் அளவீடு ஏதோ ஒரு மேட்டைத் தவறவிட்டிருக்கிறது. பெரும்பாலும் அது ஏதாவது ஒத்ததிர்வின் மேல், அளவீட்டுப் புள்ளிகளுக்கு இடையே ஒளிந்திருக்கும்.

இனி உங்கள் 120 ஹெர்ட்ஸுக்கு வருவோம். அந்த ஓர் அதிர்வெண்தான் தொல்லை என்றால் கெய்னை ஏற்றியதே தவறான வழி. கெய்ன் ஏற்றம் 0-விலிருந்து பல நூறு ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் அடக்கி, கேட்காத பகுதிக்கும் விலை வாங்குகிறது. கெய்னைப் பழைய நிலைக்கு இறக்கிவிட்டு, 120 ஹெர்ட்ஸில் ஓர் ஒடுங்கிய பீக் ஃபில்டரைச் சேருங்கள். தணிப்பு விகிதம் 0.005-ம் 0.05-ம் கொண்டு S-இல் பத்து மடங்குப் பள்ளம் ஒன்றைத் தோண்டினால் அதன் பரப்பளவு π × 120 × 0.045, அதாவது 17 அலகு. அதை 1-லிருந்து 3 கிலோ ஹெர்ட்ஸ் வரை பரப்பினால் |S| ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே ஏறும். கெய்னால் கிடைத்ததைப் போல ஐந்து மடங்கு அடக்கம், ஏறத்தாழ இலவசமாக. இதில் கவனிக்க வேண்டியது ஃபில்டரின் கட்டம். கட்டம் சரியாக இல்லாவிட்டால் அந்த 17 அலகும் தூரப் போகாமல் பள்ளத்தின் தோளிலேயே, 110-லோ 130 ஹெர்ட்ஸிலோ, கூர்மையான மேடாக எழும். தட்டின் வேகமோ அதிர்வின் அதிர்வெண்ணோ சற்று நகர்ந்தால் அந்த மேட்டின் மேலேயே போய் உட்காரும். 120 ஹெர்ட்ஸில் T-இன் கட்டத்தைப் பார்த்து அதற்கு எதிரான கட்டத்தை ஃபில்டரில் வைத்தால் பள்ளத்தின் இரு தோள்களும் சமச்சீராக இருக்கும்.

அகலமான பட்டையை ஆழமாக அடக்கித்தான் ஆக வேண்டும் என்றால், பரப்பளவின் விதி எந்த அனுமானங்களின் மேல் நிற்கிறது என்று பார்த்து அவற்றைத்தான் மாற்ற வேண்டும். தாமதத்தைக் குறைப்பதும், சஸ்பென்ஷனின் அருகே பீசோ தகடு வைத்த இரண்டாம் நிலை இயக்கியைச் சேர்ப்பதும் Fₐ-ஐ உயர்த்துகின்றன, தவணைக்காலம் நீள்கிறது. டிரைவுகளில் சுழற்சி அதிர்வை அளக்கும் முடுக்கமானிகளைச் சர்க்யூட் பலகையில் பொருத்தி, அந்த அளவீட்டை நேராக மோட்டாருக்கு முன்னூட்டமாகக் கொடுப்பது வேறு வகை. அங்கே இடையூறு பற்றிய செய்தி பிழையின் வழியாக வராமல் தனிப் பாதையில் வருவதால் S-இன் பரப்பளவு அதைக் கட்டுப்படுத்தாது. உணரியின் துல்லியமும் மாதிரியின் துல்லியமும்தான் கட்டுப்படுத்தும். பெட்டியின் அடியில் ரப்பர் வைத்து இடையூறையே குறைப்பதும் அப்படித்தான்.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் லூப் இல்லாத நிலையின் இடையூறு நிறமாலையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிழையின் நிறமாலையை அளந்த |S|-ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும். அதில் 1-லிருந்து 3 கிலோ ஹெர்ட்ஸ் வரை எங்கே தாழ்வாக இருக்கிறதோ, மேடு அங்கே விழும்படி லீட் கன்ட்ரோலரின் பூச்சியத்தையும் துருவத்தையும் நகர்த்துங்கள். இப்போதைய அமைப்பில் 2 கிலோ ஹெர்ட்ஸில் விசிறியோ காற்றோ இருக்கிறது என்று உங்கள் இரண்டரை மடங்கு ஏற்றமே காட்டிக்கொடுக்கிறது. அந்த இடத்தை விட்டு மேட்டை விலக்குவதுதான் கெய்னை இறக்கியபின் செய்ய வேண்டிய அடுத்த வேலை.